5 கிலோமீட்டர் நடந்தால் 200 கலோரியா, 400 கலோரியா? எந்தக் கணக்கை நம்புவது

என் அண்ணன் தினமும் காலையில் மைதானத்தில் 5 கிலோமீட்டர் நடப்பார். எடை 80 கிலோ. ஐந்து கிலோமீட்டருக்கும் சரியாக ஒரு மணி நேரம் ஆகும். மூன்று மாதம் விடாமல் நடந்தும் எடை அசையவில்லை. "செயலி தினமும் 410 கலோரி காட்டுதுடா தம்பி. அதைப் பார்த்துதான் சாப்பாட்டையும் வச்சுக்கிறேன். அப்புறம் ஏன் குறைய மாட்டேங்குது?" என்று கேட்டார். செயலி சொன்ன 410 கலோரியைச் சாப்பாட்டுக் கணக்கில் வரவு வைத்து, அந்த அளவுக்குக் கூடுதலாகவே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மாலை இருவரும் உட்கார்ந்து, தூரமும் எடையும் தெரிந்தால் கலோரியைக் கணக்கிட எத்தனை வழிகள் உண்டோ அத்தனையிலும் அவருடைய நடையைப் போட்டுப் பார்த்தோம். 200, 280, 410 என்று மூன்று விதமான விடைகள் வந்தன. இவற்றில் ஒன்றுதான் தவறு. 200, 280 இரண்டுமே சரி, ஆனால் அவை வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

முதலில் ஒரு சிறு விளக்கம். உணவுப் பொட்டலத்திலும் செயலியிலும் நாம் கலோரி என்று படிப்பது உண்மையில் கிலோகலோரி. இந்தக் கட்டுரையிலும் அந்தப் பொருளில்தான் சொல்கிறேன்.

ஒன்றால் பெருக்கும் கணக்கு

பலருக்கும் தெரிந்த சூத்திரம் இது: எடை கிலோவில், தூரம் கிலோமீட்டரில், இரண்டையும் பெருக்கு, அதுதான் கலோரி. 80 × 5 = 400. மனக்கணக்காகவே போட்டுவிடலாம் என்பதால் இது எல்லா இடத்திலும் பரவியிருக்கிறது.

சூத்திரத்தில் பிழை இல்லை. ஆனால் இது ஓட்டத்துக்கு உரியது. இத்தாலிய உடலியலாளர் ரொடோல்ஃபோ மார்கரியாவும் அவருடைய சகாக்களும் 1963இல் வெளியிட்ட ஆய்வில், சமதரையில் ஓடும்போது ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் நகர்த்த ஏறத்தாழ 1 கிலோகலோரி ஆகிறது, மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் இது பெரிதாக மாறுவதில்லை என்று காட்டினார்கள். வேகமாக ஓடினால் நிமிடத்துக்குக் கூடுதலாகச் செலவாகும், ஆனால் சீக்கிரம் முடிந்துவிடும். அதனால் கிலோமீட்டருக்கு ஆகும் செலவு அப்படியே நிற்கிறது. ஓடுபவர்களுக்குத் தூரமும் எடையும் மட்டுமே போதும், நேரம் தேவையில்லை என்பது இதனால்தான்.

நடைக்கு அது பொருந்தாது. நடக்கும்போது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கிறது. உடல் அந்தக் காலின் மேல் தலைகீழான ஊசல் போல ஏறி இறங்குகிறது. ஏறும்போது சேரும் ஆற்றலில் பெரும்பகுதி இறங்கும்போது அடுத்த அடிக்குத் திரும்பக் கிடைக்கிறது. ஓடும்போது இரண்டு கால்களும் தரையை விட்டுவிடுகின்றன. ஒவ்வொரு முறை தரையிறங்கும்போதும் முழங்கால் மடங்கி, மொத்த எடையையும் தசைகள் தாங்கிப் பிடித்து மறுபடி மேலே தள்ள வேண்டியிருக்கிறது. அதனால் அதே தூரத்தை ஓடிக் கடப்பதற்கு, நடந்து கடப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகிறது.

அண்ணனுடைய செயலியில் செயல்பாட்டு வகையைப் பார்த்தோம். "ஓட்டம்" என்று இருந்தது. நிறுவியபோது இருந்ததை அவர் மாற்றவே இல்லை. அதை "நடை" என்று மாற்றி மறுநாள் நடந்தபோது 285 வந்தது. 410இன் கதை அதோடு முடிந்தது. உங்கள் கணக்கும் எடையையும் தூரத்தையும் பெருக்கினால் வருவதற்குப் பக்கத்தில் நின்றால், நீங்கள் நடந்துகொண்டிருந்தால், முதலில் இந்த அமைப்பைப் பாருங்கள்.

285க்கும் 200க்கும் நடுவே

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி தரும் சமன்பாடு உடற்பயிற்சி உடலியல் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. உடல் ஒரு நிமிடத்துக்கு, ஒரு கிலோ எடைக்கு எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறது என்று அது சொல்கிறது. இதில் v என்பது நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்ற வேகம்; g என்பது ஏற்றத்தின் சரிவு. 5 சதவீத ஏற்றம் என்றால் 0.05 என்று போட வேண்டும்.

```
நடை:   VO2 = 0.1 × v + 1.8 × v × g + 3.5
ஓட்டம்: VO2 = 0.2 × v + 0.9 × v × g + 3.5
```

அண்ணனின் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர், அதாவது நிமிடத்துக்கு 83.3 மீட்டர். சமதரை என்பதால் g பூச்சியம். 8.33 + 3.5 = 11.83 மில்லிலிட்டர். இதை 80 கிலோவாலும் 60 நிமிடத்தாலும் பெருக்கினால் கிட்டத்தட்ட 56.8 லிட்டர் ஆக்சிஜன். ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கு ஏறத்தாழ 5 கலோரி என்ற கணக்கில் 284 கலோரி. திருத்திய செயலி காட்டியதும் இதுவேதான்.

இப்போது அந்த 3.5ஐக் கவனியுங்கள். வேகம் பூச்சியம் ஆனாலும் அது மறைவதில்லை. நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் மூச்சுக்கும் இதயத்துக்கும் மூளைக்கும் ஆகிற செலவு அது. அண்ணன் அந்த ஒரு மணி நேரம் வீட்டில் செய்தித்தாள் படித்திருந்தாலும் அதில் சுமார் 84 கலோரி செலவாகியிருக்கும். 284இலிருந்து அதைக் கழித்தால் 200. நடந்ததால் மட்டும் கூடுதலாகச் செலவானது இதுதான். முதலாவதை மொத்தச் செலவு என்றும் இரண்டாவதை நிகரச் செலவு என்றும் சொல்லலாம்.

எதற்காகக் கணக்கிடுகிறோம் என்பதை வைத்துத்தான் எதை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு நாள் முழுவதும் உடல் செலவழித்ததை மணிக்கு மணி கூட்டுகிறீர்கள் என்றால் மொத்தச் செலவு சரி. ஆனால் பெரும்பாலோர் செய்வது அதுவல்ல. ஒரு நாளைக்கு எனக்கு 2,000 கலோரி தேவை என்று ஒரு எண்ணை முதலில் எடுத்துக்கொண்டு, நடையைத் தனியாக அதன் மேல் சேர்க்கிறார்கள். அந்த 2,000க்குள் 24 மணி நேரத்தின் ஓய்வுச் செலவும் ஏற்கெனவே இருக்கிறது. அதன் மேல் 284ஐச் சேர்த்தால் 84 கலோரி இரண்டு முறை எண்ணப்படுகிறது. சாப்பாட்டோடு ஈடுகட்டுவதற்கு நிகரச் செலவைத்தான் எடுக்க வேண்டும். அண்ணனுக்கு நான் சொன்னதும் இதுதான்.

நடை நீண்டால் இந்த வித்தியாசமும் வளர்கிறது. என் அண்ணி 60 கிலோ. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போவார். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர். கூட்டத்தோடு நின்று நின்று போக 4 மணி நேரம் ஆகும். நிகரச் செலவு 420 கலோரிதான். மொத்தச் செலவு என்றால் அந்த 4 மணி நேரத்து ஓய்வுக் கணக்கும் சேர்ந்து 670 ஆகிவிடுகிறது. சந்நிதிகளில் நின்ற நேரம் கூடக் கூட மொத்தச் செலவு ஏறிக்கொண்டே போகும், நடந்த தூரம் அதே 14தான். மெதுவாக நடந்தவருக்கு அதே தூரத்துக்குச் செயலி கூடுதல் கலோரி காட்டுவதைப் பார்த்துச் சிலர் குழம்புவதுண்டு. காரணம் இந்த நேரக் கணக்குதான்.

மெட் அட்டவணை

இன்னொரு வழி, மெட் மதிப்புகளை வைத்துக் கணக்கிடுவது. பார்பரா ஐன்ஸ்வொர்த்தும் சக ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட உடல் செயல்பாடுகளின் தொகுப்பில் நூற்றுக்கணக்கான வேலைகளுக்கு ஓர் எண் கொடுத்திருந்தார்கள். பிறகு 2000இலும் 2011இலும் 2024இலும் அது புதுப்பிக்கப்பட்டது. சும்மா உட்கார்ந்திருப்பது 1 மெட். அதைப் போல எத்தனை மடங்கு என்பதே மற்ற எண்கள். 1 மெட் என்றால் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஏறத்தாழ 1 கலோரி. எனவே மெட், எடை, மணி மூன்றையும் பெருக்கினால் போதும்.

2011 பதிப்பில் மணிக்கு 5 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நடைக்கு 3.5 மெட். 3.5 × 80 × 1 = 280. நிகரம் வேண்டுமானால் மெட்டிலிருந்து 1ஐக் கழித்துவிட்டுப் பெருக்க வேண்டும்: 2.5 × 80 = 200. வெவ்வேறு பாதையில் வந்த இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் சேர்கின்றன.

இந்த அட்டவணையை நான் மதிப்பது வேறொரு காரணத்துக்காக. மேலே சொன்ன நடைச் சமன்பாடு வேகம் எதுவானாலும் கிலோமீட்டருக்கு ஒரே செலவு என்று வைத்துக்கொள்கிறது. மணிக்கு 3 முதல் 6 கிலோமீட்டர் வரை அது ஓரளவு சரி. அதற்கு மேல் போனால் ஊசல் ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. காலை வலுக்கட்டாயமாக முன்னே வீச வேண்டியிருக்கிறது. தொகுப்பில் மணிக்கு 6.4 கிலோமீட்டர் நடைக்கு 5 மெட், 7.2 கிலோமீட்டருக்கு 7 மெட். ஓய்வைக் கழித்து, தூரத்துக்கு மாற்றிப் பார்த்தால், சாதாரண நடையில் கிலோவுக்கு, கிலோமீட்டருக்கு 0.5 ஆக இருக்கும் செலவு, 6.4இல் 0.6 ஆகி, 7.2இல் 0.8ஐத் தாண்டுகிறது. கிட்டத்தட்ட ஓட்டத்தின் செலவு. அந்த வேகத்தில் நடப்பவர்களுக்குக் கால் தானாக ஓடத் துடிக்கும். உடலுக்கு அங்கே ஓடுவது கிட்டத்தட்ட அதே செலவுதான்.

கை வீசி வேகநடை போகிறவர்கள் 0.5 என்று போட்டால் தங்கள் உழைப்பைக் குறைத்து எண்ணுவார்கள். அவர்களுக்கு மெட் அட்டவணைதான் பொருத்தம். ஓட்டத்தைப் பொறுத்தவரை இந்தச் சிக்கல் இல்லை. அண்ணன் இதே 5 கிலோமீட்டரை 36 நிமிடத்தில் ஓடினால் சமன்பாடு நிகரமாக 400 என்கிறது, மெட் கணக்கு 384 என்கிறது. அந்த 16 கலோரிக்காக யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கொஞ்ச தூரம் ஓடி, கொஞ்ச தூரம் நடப்பவர்கள் இரண்டையும் தனித்தனியாகப் போட வேண்டும். 2 கிலோமீட்டர் ஓட்டம், 3 கிலோமீட்டர் நடை என்றால் 80 கிலோவுக்கு 160 + 120 = 280 நிகரக் கலோரி. சராசரி வேகத்தை எடுத்து அட்டவணையில் தேடினால் தவறான விடை வரும், ஏனென்றால் அந்தச் சராசரி வேகத்தில் அவர் எங்கேயுமே போகவில்லை.

கைக்கடிகாரம்

"இவ்வளவு எதற்கு, கடிகாரம் கட்டிக்கொண்டால் இதயத் துடிப்பையே பார்த்துச் சொல்லிவிடுமே" என்று அண்ணி கேட்டார். நியாயமான கேள்விதான். 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பை அளப்பதில் ஏழில் ஆறு, 5 சதவீதத்துக்குள் சரியாக இருந்தன. கலோரியில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம் தவறியது.

துடிப்பைச் சரியாக அளந்தும் கலோரி தவறுவதற்குக் காரணம், துடிப்பு உயர்வதற்கு உழைப்பு மட்டுமே காரணம் இல்லை என்பதுதான். வைகாசி வெயிலில் நடந்து பாருங்கள். உடல் சூட்டை வெளியேற்றத் தோலுக்கு ரத்தம் போக வேண்டும், வியர்த்து ரத்தத்தின் அளவும் குறைகிறது. இரண்டையும் ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. மார்கழியில் நடந்த அதே தூரம், அதே வேகம். கால்கள் செய்த வேலை மாறவில்லை, கடிகாரம் மட்டும் கூட்டிக் காட்டுகிறது. ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் துடிப்பை அடக்கிவைக்கும். அவர்களுக்குக் கடிகாரம் குறைத்துக் காட்டலாம். சமதரையில் நடக்கும் ஒருவருக்கு, எடையும் தூரமும் சரியாகத் தெரிந்தால், துடிப்பு அதற்கு மேல் எதையும் பெரிதாகச் சேர்ப்பதில்லை என்பது என் கருத்து. சைக்கிள், நீச்சல், பூப்பந்து என்றால் எடையையும் தூரத்தையும் வைத்துக் கணக்கிட வழியில்லாததால் கடிகாரத்தைப் பார்க்கலாம்.

நாங்கள் எடுத்த முடிவு

நடைக்கு எடை × தூரம் × 0.5, ஓட்டத்துக்கு எடை × தூரம். இரண்டும் நிகரச் செலவு. வேகநடை என்றால் மட்டும் மெட் அட்டவணை. ஏற்றம் இருந்தால் தனியாகக் கூட்டல்.

அந்த ஏற்றக் கணக்கும் எளிதுதான். சமன்பாட்டின் 1.8 என்ற எண், ஒரு கிலோவை ஒரு மீட்டர் உயரே ஏற்ற ஆகும் ஆக்சிஜன். திருச்சி மலைக்கோட்டைப் பாறை 83 மீட்டர் உயரம். 80 கிலோ ஆள் மேலே ஏற 83 × 80 × 1.8, அதாவது சுமார் 12 லிட்டர் ஆக்சிஜன், 60 கலோரி. சமதரையில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடப்பதற்குச் சமம். மேம்பாலம் ஏறி இறங்குவதை விட்டுவிடலாம், மலைப்பாதையை விடக் கூடாது.

இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் 10, 15 சதவீதம் மாறும். ஒரே எடையுள்ள இரண்டு பேர் ஒரே வேகத்தில் ஓடினாலும் ஒருவருக்கு ஆக்சிஜன் கூடுதலாகவே தேவைப்படும். குழந்தைகளுக்கு ஒரு கிலோ எடைக்கு ஆகும் செலவு பெரியவர்களைவிட அதிகம் என்பதால் அவர்களுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம். மற்றபடி பெரும் பிழை சூத்திரத்தில் வருவதில்லை, தூரத்தில் வருகிறது. கைபேசி அடிகளை எண்ணி, ஓர் அடிக்கு இவ்வளவு நீளம் என்று ஊகித்துத்தான் பல நேரங்களில் தூரத்தைச் சொல்கிறது. 400 மீட்டர் ஓடுபாதை அருகில் இருந்தால் உள் தடத்தில் பன்னிரண்டரைச் சுற்று போய்ப் பாருங்கள். அது 5 கிலோமீட்டர். வெளித் தடத்தில் சுற்றாதீர்கள், எட்டாவது தடத்தில் ஒரு சுற்று 450 மீட்டரைத் தாண்டிவிடும். நாங்கள் அப்படிப் பார்த்தபோது அண்ணனின் கைபேசி 5.4 காட்டியது. டிரெட்மில்லில் நடப்பவர்கள் கைப்பிடியைப் பிடித்துச் சாய்ந்தால் எடையின் ஒரு பகுதியைக் கை தாங்கிவிடும். திரையில் வரும் எண்ணுக்கு அது தெரியாது.

எடைக் கருவியை வைத்து இந்தக் கணக்கைச் சரிபார்க்க நினைத்தால் பொறுமை வேண்டும். ஒரு கிலோ கொழுப்பு இழைமத்துக்குச் சுமார் 7,700 கலோரி என்பது வழக்கமான கணக்கு. வாரம் ஐந்து நாள், நாளுக்கு 200 என்றால் ஐந்து வாரத்தில் 5,000 கலோரி, அதாவது 650 கிராம். உப்பும் தண்ணீரும் முந்தைய இரவுச் சாப்பாடும் சேர்ந்து ஒரே நாளில் எடையை ஒரு கிலோ வரை ஏற்றி இறக்கும். அதனால் ஒரு வாரத்து எடையைப் பார்த்துக் கணக்கு சரியா தவறா என்று சொல்ல முடியாது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து, வாரச் சராசரியை மட்டும் எழுதி, ஆறு வாரமாவது ஒப்பிட வேண்டும்.

அண்ணன் அப்படித்தான் எழுதிவருகிறார். முன்பு தினமும் வரவு வைத்த 410க்குப் பதில் இப்போது 200. மாலையில் சாப்பிட்டுவந்த வடையும் இனிப்புக் காபியும் அந்த வித்தியாசத்துக்குள் அடங்கிப்போயின. ஐந்து மாதத்தில் 76 கிலோவுக்கு வந்தார். அன்றைக்குக் குறிப்பேட்டில் எடையைத் திருத்தி, 76 × 5 × 0.5 என்று போட்டு, நடைக்கு 190 என்று எழுதிக்கொண்டார்.